காற்று வராத பக்கம் இரத்தம் போகாது

இதயத்தின் இடப்பக்கம் உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்புகிறது. வலப்பக்கம் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறது. ஆனாலும் இரண்டும் ஒரு நிமிடத்தில் தள்ளும் இரத்தத்தின் அளவு ஒன்றேதான். ஓய்வாக உட்கார்ந்திருப்பவருக்கு அது ஏறத்தாழ 5 லிட்டர். அளவு ஒன்றாக இருந்தும் அழுத்தத்தில் பெரிய வேறுபாடு உண்டு. கையில் பட்டையைச் சுற்றி மருத்துவர் பார்க்கும் இரத்த அழுத்தம் 120/80 என்று வைத்துக்கொண்டால், அதே நேரத்தில் நுரையீரல் தமனியில் இருப்பது சுமார் 25/10. சராசரியாகப் பார்த்தால் உடல் தமனிகளில் 90க்கு மேல், நுரையீரலில் 15க்கு அருகில். வலது வெண்ட்ரிக்கிளின் சுவர், இடது வெண்ட்ரிக்கிளின் சுவரில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான் என்பதற்குக் காரணமும் இதுவே. அதற்குமேல் அங்கே தேவைப்படுவதில்லை.

நுரையீரலில் அழுத்தம் குறைவாகத்தான் இருந்தாக வேண்டும். காற்று நிரம்பிய நுண்ணறைகளுக்கும் அவற்றைச் சுற்றி ஓடும் தந்துகிகளுக்கும் இடையிலுள்ள சுவர் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லை. ஆக்ஸிஜன் தடையின்றி இரத்தத்துக்குள் ஊடுருவ அவ்வளவு மெல்லிய சுவர் வேண்டும். அவ்வளவு மெல்லிய சுவர் அதிக அழுத்தத்தைத் தாங்காது. தந்துகிக்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளப் பார்க்கிறது. இரத்தத்தில் உள்ள புரதங்கள் அதை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. புரதங்களின் இழுவிசை சுமார் 25 மி.மீ. பாதரச அளவு. நுரையீரல் தந்துகிகளில் அழுத்தம் சாதாரணமாக 10 அளவிலேயே நிற்பதால் நுண்ணறைகள் உலர்ந்திருக்கின்றன. அந்த அழுத்தம் 25ஐத் தாண்டி ஏறினால் நீர் கசிந்து காற்றறைகளுக்குள் இறங்கும். மூச்சு வாங்கும் இடத்தில் நீர் நிற்கும்.

இனி இரத்த நாளங்களின் நடத்தைக்கு வருவோம். தசையோ மூளையோ ஆக்ஸிஜன் போதாமல் தவித்தால் அங்குள்ள சிறு தமனிகள் விரிகின்றன. வேலை செய்யும் திசுவில் அடினோசினும் லாக்டிக் அமிலமும் கரியமில வாயுவும் சேரச் சேர நாளத்தின் தசை தளர்ந்து வழி அகலமாகிறது. கூடுதல் இரத்தம் வருகிறது, பற்றாக்குறை தீர்கிறது. உடலெங்கும் இதுதான் வழக்கம். நுரையீரலில் மட்டும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. ஒரு பகுதியில் ஆக்ஸிஜன் குறைந்தால் அங்கே செல்லும் சிறு தமனி சுருங்குகிறது.

1946இல் ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் வான் ஆய்லரும் யோரான் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளிடம் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஆக்ஸிஜன் 10 சதவீதம் அளவே உள்ள காற்றைப் பூனைகள் சுவாசித்தபோது நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியது. இதன் பொருளை அவர்கள் அப்போதே சரியாகப் புரிந்துகொண்டார்கள்: காற்று நன்றாகச் சென்றுவரும் பகுதிக்கு இரத்தத்தை நுரையீரல் தானே திருப்பிவிடுகிறது. தசைக்குப் போகும் இரத்தம் ஆக்ஸிஜனைக் கொடுக்கப் போகிறது. நுரையீரலுக்குப் போகும் இரத்தம் ஆக்ஸிஜனை வாங்கப் போகிறது. வாங்குவதற்கு எதுவும் இல்லாத இடத்துக்கு அதை அனுப்பிப் பயனில்லை. பயிர் கருகிவிட்ட வயலின் மடையை அடைத்து, பயிர் நிற்கும் வயலுக்கு நீரைத் திருப்புவதைப் போன்ற ஏற்பாடு இது.

பயனில்லை என்பதோடு போவதில்லை, தீங்கும் உண்டு. அது எவ்வளவு என்பதை அறுவை அரங்கில் பார்க்கலாம். ஒரு பக்க நுரையீரலில் அறுவை செய்யும்போது, மயக்க மருத்துவர் அந்தப் பக்கத்துக்குக் காற்றை நிறுத்திவிட்டு மறுபக்கத்தை மட்டும் இயக்குவார். இரத்தம் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதியாகவே போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும்? காற்றுள்ள பக்கத்திலிருந்து வரும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் 98 சதவீதம் ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்டு வரும். காற்றில்லாத பக்கத்தின் வழியாக வருவது வந்தபடியே, அதாவது 75 சதவீதத்தோடு, திரும்பும். இரண்டும் கலந்தால் கிடைப்பது சுமார் 86. நல்ல பக்கத்துக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் கொடுத்தாலும் இந்தக் குறை முழுவதும் தீராது; அங்கே ஹீமோகுளோபின் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. நாளங்கள் சுருங்கிக் காற்றில்லாத பக்கத்துக்குப் போகும் இரத்தத்தைப் பாதியிலிருந்து கால் பங்காகக் குறைத்தால் கலவை 92க்கு ஏறும். அறுவை மேசையில் 86க்கும் 92க்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. சுவாசிக்கச் செய்யும் மயக்க வாயுக்கள் அதிக அளவில் இந்தச் சுருக்கத்தைத் தளர்த்திவிடும் என்பதால்தான் மயக்க மருத்துவர்கள் அவற்றின் அளவில் கவனமாக இருக்கிறார்கள்.

இந்தத் திருப்பிவிடல் நடப்பதே நுரையீரலில் அழுத்தம் குறைவாக இருப்பதால்தான். உடலின் சிறு தமனிகளைப் போலத் தடித்த தசை இங்கே இல்லை; மெல்லிய தசைதான். எதிர்த்து நிற்கும் அழுத்தமும் சிறியது என்பதால் அந்த மெல்லிய தசையின் சிறு இறுக்கமே இரத்தத்தின் போக்கை மாற்றப் போதுமானதாகிறது.

சுருங்கு என்று கட்டளையிடுவது யார்? மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்புத் தொடர்பு துண்டிக்கப்பட்ட மாற்று நுரையீரலிலும் இது நடக்கிறது. நாளத்தின் தசைச் செல்லைத் தனியே பிரித்தெடுத்து வைத்தாலும் அது சுருங்குகிறது. அந்தச் செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் உண்டு. ஆக்ஸிஜன் குறையும்போது அவை மூடிக்கொள்கின்றன. பொட்டாசியம் உள்ளேயே தங்குவதால் செல்லின் மின்னிலை மாறுகிறது. அந்த மாற்றம் கால்சியம் வாயில்களைத் திறக்கிறது. கால்சியம் உள்ளே பாய்ந்ததும் தசை இறுகுகிறது. பிற உறுப்புகளின் நாளங்களில் ஆக்ஸிஜன் குறையும்போது வேறு வகைப் பொட்டாசியம் வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் வருவது குறைகிறது, தசை தளர்கிறது. ஆக்ஸிஜன் குறைவதை நுரையீரல் செல்லில் முதலில் உணர்வது மைட்டோகாண்ட்ரியா என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். அங்கிருந்து செய்தி எப்படி வாயிலுக்குப் போகிறது என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த நாளங்கள் முக்கியமாக நோட்டம் பார்ப்பது பக்கத்து நுண்ணறையில் உள்ள காற்றின் ஆக்ஸிஜனை. தம்முள் ஓடும் இரத்தத்தின் ஆக்ஸிஜனை அல்ல. நுரையீரல் தமனியில் எப்போதும் ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம்தான் ஓடுகிறது. அதைப் பார்த்துச் சுருங்குவதென்றால் அவை வாழ்நாள் முழுவதும் சுருங்கியே கிடக்க வேண்டும்.

ஒரு பகுதியில் காற்று குறைந்தால் இந்த ஏற்பாடு உயிர் காக்கும். ஆனால் நுரையீரல் முழுவதிலும் ஒரே நேரத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால்? திருப்பிவிட நல்ல பகுதியே இல்லை. எல்லா நாளங்களும் சுருங்குகின்றன, இதயத்தின் வலப்பக்கமோ அதே 5 லிட்டரைத் தள்ளியாக வேண்டும். அழுத்தம் ஏறுகிறது. உயரமான மலைகளில் நடப்பது இதுதான்.

கடல் மட்டத்திலுள்ள சென்னையிலிருந்து கோடை விடுமுறைக்கு ஒருவர் டெல்லி வழியாக லே நகருக்கு விமானத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்ஸிஜன் அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் மொத்த அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. நுண்ணறைக்குள் 100ஆக இருந்த ஆக்ஸிஜன் அழுத்தம் 55 அளவுக்கு இறங்கிவிடுகிறது. 60க்குக் கீழே போனால் நாளங்கள் வலுவாகச் சுருங்கத் தொடங்கும். நம் பயணி முதல் நாள் விடுதியில் ஓய்வெடுக்கிறார். உடல் நன்றாகத்தான் இருக்கிறது, விடுமுறையும் குறைவு. இரண்டாம் நாளே 4,200 மீட்டருக்கு மேலுள்ள பாங்காங் ஏரிக்குப் போய் இரவு தங்குகிறார்.

வறட்டு இருமல் தொடங்குகிறது. உடன் வந்தவர்கள் ஏறும் சிறு மேட்டில் இவருக்கு மட்டும் கால் நகரவில்லை. இரவில் படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறது. உதடு நீலம் பாய்கிறது. நெஞ்சில் காது வைத்துக் கேட்டால் நறநறவென்ற ஒலி. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நண்பர்களுக்கு 85 காட்டும்போது இவருக்கு 65 காட்டுகிறது. பிறகு நுரையோடு இளஞ்சிவப்பாகச் சளி வருகிறது. தலைவலி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதனால்தான் சளிக் காய்ச்சல் என்று நினைத்து ஏமாந்துவிடுகிறார்கள்.

சிறு தமனிகள் சுருங்கினால் அவற்றுக்கு அப்பாலுள்ள தந்துகிகளில் அழுத்தம் குறையத்தானே வேண்டும், நீர் எங்கிருந்து கசிகிறது என்ற கேள்வி நியாயமானது. சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடப்பதில்லை என்பதே விடை. இறுகச் சுருங்கிய பகுதிகளைத் தவிர்த்து, அதிகம் சுருங்காத பகுதிகளுக்கு இரத்தம் மொத்தமாகப் பாய்கிறது. அங்கே தந்துகிகள் தமனியின் உயர்ந்த அழுத்தத்தை நேரடியாக வாங்கி, சுவர் பிளந்து, நீரும் புரதமும் சிவப்பணுக்களும் காற்றறைக்குள் வருகின்றன. எக்ஸ்ரேயில் வெண்மை முழுவதும் பரவாமல் திட்டுத் திட்டாகத் தெரிவது இதனால்தான்.

இதை நெடுங்காலம் நிமோனியா என்றோ இதயச் செயலிழப்பு என்றோதான் மருத்துவர்கள் எண்ணிவந்தார்கள். 1960இல் அமெரிக்க மருத்துவரும் மலையேறியுமான சார்லஸ் ஹூஸ்டன் இதைத் தனி நோயாக எடுத்துக்காட்டிக் கட்டுரை எழுதினார். 1962 போரின்போது சமவெளியிலிருந்து விரைவாக மேலே அனுப்பப்பட்ட இந்தியப் படைவீரர்கள் பலரை இது தாக்கியது. அவர்களுக்குச் சிகிச்சை அளித்த இந்தர் சிங்கும் அவருடைய சக மருத்துவர்களும் 1965இல் வெளியிட்ட அறிக்கை இந்நோயைப் பற்றிய அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. இதயத்தின் இடப்பக்கம் நன்றாகவே வேலை செய்கிறது என்பது அளந்து பார்த்தபோது தெரிந்தது. ஆகவே இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் சிறுநீர் பெருக்கும் மருந்துகள் இங்கே உதவுவதில்லை. உடலில் நீர் ஏற்கெனவே வற்றியிருப்பவருக்கு அவை கேடாகலாம்.

காரணம் தெரிந்துவிட்டதால் சிகிச்சை எளிது. ஆக்ஸிஜன் கொடுத்தால் சில நிமிடங்களிலேயே நாளங்கள் தளரத் தொடங்கி அழுத்தம் இறங்குகிறது. உயரத்திலிருந்து இறக்கிக் கொண்டுவருவதும் அதையேதான் செய்கிறது. இரண்டும் கைவசம் இல்லாதபோது நிஃபெடிபின் மாத்திரை. கால்சியம் வாயில்களை அடைக்கும் மருந்து அது. நம் பயணியின் ஆபத்து நிலவியலிலும் இருக்கிறது. பாங்காங்கிலிருந்து லேவுக்கு வழக்கமாக வரும் சாலை 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங் லா கணவாயைக் கடந்து வருகிறது. இறங்குவதற்கு முதலில் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். வண்டியில் சிலிண்டர் இல்லாமல் அந்தப் பாதையில் அவரை ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. அங்கே இரவு தங்கப் போகிறவர்கள் லேவில் இரண்டு மூன்று இரவு முழுமையாகத் தங்கிவிட்டுப் போக வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. தலைவலிக்காகப் பலர் எடுத்துச் செல்லும் டயாமாக்ஸ் மாத்திரையை நம்பி இந்த இரவுகளைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

எல்லோரையும் இது ஒன்றுபோலத் தாக்குவதில்லை. சிலருடைய நுரையீரல் நாளங்கள் பிறரைவிட அதிகமாகச் சுருங்கும் இயல்புடையவை. ஒருமுறை இந்நோய் வந்தவர் அதே வேகத்தில் மீண்டும் உயரத்துக்குப் போனால் திரும்பவும் வருவதற்கு வாய்ப்பு மிக அதிகம். தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழும் திபெத்தியர்களிடம் இந்தச் சுருக்கம் மிகக் குறைவு; லாசா நகரில் அளந்தபோது அவர்களுடைய நுரையீரல் தமனி அழுத்தம் கடல் மட்டத்து மனிதர்களுடையதைப் போலவே இருந்தது. மலையிலேயே வாழும் யாக்குகளுக்கும் அப்படித்தான். சமவெளி மாடுகளை மேய்ச்சலுக்காக அமெரிக்காவின் ராக்கி மலைகளுக்கு ஓட்டிச் சென்றபோது சிலவற்றுக்கு இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து, மார்புக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. அந்த மாடுகளைக் கீழே ஓட்டிக்கொண்டு வருவதே அங்குள்ள பண்ணையாளர்கள் செய்யும் முதல் வைத்தியம்.