மலைக்குள் சுரங்கமும் கமக்காரர் கிணறும்
உமா ஓயாத் திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டிலிருந்து அறியவேண்டியவை

ஆற்றை மறித்து அணை கட்டும்போது அணைக்கு அருகிலுள்ள வயல்களே பாதிப்படையும் என்பது கமக்காரரிடையே பொதுவாக நிலவும் எண்ணமாகும். ஊவா மலைநாட்டில் உமா ஓயாப் பல்நோக்குத் திட்டம் அமைக்கப்பட்டபோது நிகழ்ந்தது இவ்வெண்ணத்துக்கு மாறானது. அணைகளிலிருந்து பல மைல் தொலைவில், ஆற்றையே காணாத மேட்டுக் கிராமங்களில், மரக்கறித் தோட்டங்களின் கிணறுகள் வற்றின. எனவே ஒரு பெருந்திட்டத்தின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, “எங்கள் ஊர் ஆற்றங்கரையில் இல்லை” எனக்கூறி எவரும் வாளாவிருத்தல் தகாது.

திட்டத்தின் அமைப்பு பின்வருமாறு. உமா ஓயா வெலிமடைப் பக்கத்து மலைகளில் தோன்றி வடக்கு நோக்கி ஓடி, ரந்தெம்பையில் மகாவலியுடன் சேர்வது. அதன் நீரில் ஒரு பகுதியைத் தெற்கே திருப்பி, வறண்ட மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்வதே நோக்கம். இதற்காகப் புகுல்பொலையில் உமா ஓயாவுக்குக் குறுக்கேயும், டயரபாவில் அதன் கிளையாறாகிய மகாதொட்டில்ல ஓயாவுக்குக் குறுக்கேயும் இரண்டு அணைகள் கட்டப்பட்டன. அங்கிருந்து நீர் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாகப் பண்டாரவளை, எல்ல மலைகளின் அடியாற் செல்கின்றது. பின்னர் நிலத்துக்குள் செங்குத்தாக 600 மீற்றருக்கு மேல் வீழ்ந்து, 120 மெகாவாற்று மின்னிலையத்தைச் சுழற்றிவிட்டுக் கிரிந்தி ஓயாப் பள்ளத்தாக்கை அடைகின்றது. 2008 இல் அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டம் 2024 ஏப்பிரல் 24 அன்று திறந்துவைக்கப்பட்டது.

ஆண்டொன்றுக்குத் திருப்பப்படவிருந்த நீர் ஏறத்தாழ 14½ கோடி கன மீற்றராகும். குளத்து நீரை அளக்கும் நமது வழக்கப்படி இது ஏறக்குறைய 1,17,600 ஏக்கர்-அடி. தெற்கேயுள்ள கமக்காரருக்கு இது பெரும்பேறு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு பள்ளத்தாக்கிற் சேரும் நீர் மற்றொரு பள்ளத்தாக்கிற் குறையும் நீரே. அறிக்கையை வாசிக்கும்போது இந்தக் கணக்கையே முதலிற் பார்த்தல் வேண்டும்.

எதிர்பார்க்கப்பட்ட விளைவுகள்

இத்தகைய திட்டங்களில் வெளிப்படையாகத் தெரியும் விளைவுகள் சில உள. நீர்த்தேக்கத்தில் மூழ்கும் வீடுகளையும் வயல்களையும் இழப்போர் வேறிடஞ் செல்ல நேரிடும். அணைக்குக் கீழே ஆற்றின் ஓட்டம் குறையும். ஆற்றிற் சிறு அணைகளைக் கட்டி வாய்க்கால் மூலம் வயலுக்கு நீர் எடுப்போர் இதனால் முதலில் பாதிக்கப்படுவர். அதற்கு மாற்றாக, அணையிலிருந்து எப்போதும் ஒரு குறிப்பிட்ட அளவு நீரை ஆற்றில் விடுவதாக வாக்களிப்பது வழக்கம்.

அந்த வாக்குறுதியை ஆண்டுச் சராசரியாக ஏற்றுக்கொள்ளலாகாது. வெலிமடைப் பக்கத்தில் காலபோகத்தில் நெல்லும், சிறுபோகத்தில் அதே வயலில் உருளைக்கிழங்கும் செய்கின்றனர். ஆவணியிலும் புரட்டாதியிலும் கிழங்குப் பாத்திக்கு நீர் வேண்டியபோது ஆற்றில் எவ்வளவு விடப்படும் என்பதே கேள்வி. மார்கழி வெள்ளத்தையும் சேர்த்துக் கூறப்படும் சராசரி அதற்கு விடையாகாது. “எந்த மாதத்தில், விநாடிக்கு எத்தனை லீற்றர், எந்த இடத்தில் அளக்கப்படும்” என்ற மூன்றும் அறிக்கையில் இல்லையாயின் அதனை எழுத்திற் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

மண் அரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். இது நமது பக்கத்துக் குறை. சரிவு நிலங்களில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் அணைவரம்பின்றிச் செய்வதால் உமா ஓயா பெருமளவு வண்டலைச் சுமந்து செல்கின்றது. 1990 இல் நிறைவுற்ற ரந்தெம்பை நீர்த்தேக்கம் இவ்வண்டலாற் பெரிதும் தூர்ந்துபோனமை யாவரும் அறிந்ததே. புதிய நீர்த்தேக்கங்களுக்கும் இக்கதி நேராதிருக்க வேண்டுமெனின் மேலே உள்ள தோட்டங்களிற் கல்வரம்பும் சமவுயரக் கானும் வேண்டும். இவ்வேலைக்கு யார் பணந் தருவர் என்பதை அறிக்கையிலேயே தேடிப் பாருங்கள்.

சுரங்கம் கிணற்றை வற்றச் செய்வது எவ்வாறு?

ஊவா மலைகளின் அடிப்பாறை கடினமானது. அது கடற்பஞ்சு போல நீரை உறிஞ்சி வைத்திருப்பதில்லை. நீர் இருப்பது இரண்டு இடங்களில்: மேலேயுள்ள உக்கிய பாறையும் மண்ணும் சேர்ந்த படையிலும், அதன் கீழே பாறையின் வெடிப்புகளிலும். நமது கிணறுகளும் பீலிகளும் மேற்படையிலிருந்தே நீரைப் பெறுகின்றன. மேற்படையோ வெடிப்புகளோடு தொடர்புடையது. சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஒரு பெரிய வெடிப்பை வெட்டிவிடுமாயின், நிரம்பிய பீப்பாயின் அடியிற் துளையிட்டது போல நீர் சுரங்கத்துள் ஓடும். பீப்பாயின் மேல்மட்டமாகிய கிணற்று நீர் இறங்கும்.

அளவைச் சிந்திப்போம். விநாடிக்கு ஒரு லீற்றர் என்பது சிறு கசிவாகத் தோன்றும். ஒரு நாளில் அது 86,400 லீற்றராகின்றது. மரக்கறிப் பயிருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் வேண்டுமெனக் கொண்டால், ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 20,000 லீற்றர் தேவை. எனவே விநாடிக்கு ஒரு லீற்றர் கசிவு நான்கு ஏக்கர் மரக்கறியின் நாட்தேவையைக் கொண்டுபோகின்றது. உமா ஓயாச் சுரங்கத்திற் பாய்ந்த நீரோ விநாடிக்கு நூற்றுக்கணக்கான லீற்றர்.

2014 டிசெம்பரில் அது நிகழ்ந்தது. ஹீல் ஓயா, மகுலெல்ல முதலிய பண்டாரவளைப் பக்கத்துக் கிராமங்களிற் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. டிசெம்பர் அங்கு மழைமாதம் என்பதை நோக்குக. கிணறு நிரம்பியிருக்க வேண்டிய காலத்தில் அது வற்றுமாயின் வறட்சியைக் காரணங் கூறுதல் இயலாது. நீர் வெளியேறிய நிலம் சற்று அமிழும். அப்பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்ததாக முறைப்பாடு செய்யப்பட்டது. 2017 இல் மீண்டும் பெருங்கசிவு ஏற்பட, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பண்டாரவளை நகரில் மக்கள் பெருந்திரளாக எதிர்ப்புத் தெரிவித்தனர்.

காப்பு ஏற்பாடுகள்

இக்கசிவைத் தடுக்கும் முறைகள் பொறியியலாளர் அறிந்தவையே. இயந்திரத்துக்கு முன்னே மெல்லிய துளையிட்டு நீர் உண்டா எனப் பார்த்தல் முதலாவது. நீர் காணப்படின், மேலே செல்லுமுன் அவ்வெடிப்புகளுள் சீமெந்துக் குழம்பை அழுத்தத்துடன் செலுத்தி அடைத்தல் இரண்டாவது. தோண்டிய இடத்தை உடனே கொங்கிறீற்றுத் துண்டங்களால் மூடி, அவற்றின் பின்புற இடைவெளியை நிரப்புதல் மூன்றாவது. இவற்றுள் முதலிரண்டும் வேலையைத் தாமதிப்பவை. ஆதலால் அவசரத்தில் முதலிற் கைவிடப்படக்கூடியவையும் அவையே. நீர் பாயத் தொடங்கிய பின் அடைப்பது மிகக் கடினம், ஏனெனில் ஓடும் நீர் சீமெந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஆகையால் அறிக்கையில் “தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்” என்றிருந்தால் அதை வாக்குறுதியாகக் கொள்ளவேண்டாம். எத்தனை மீற்றருக்கு ஒரு முறை முன்துளை இடப்படும், விநாடிக்கு எத்தனை லீற்றர் கசிந்தால் வேலை நிறுத்தப்படும், நிறுத்த ஆணையிடுபவர் யார் என்று எழுதப்பட்டிருந்தாலே அது வாக்குறுதி. உமா ஓயா விடயத்தில் நிலத்தடி ஆய்வு போதாது எனச் சுற்றாடல் அமைப்புகள் குறைகூறின.

கிணற்றுக் கணக்கு

பாதிப்புற்றோருக்குத் தாங்கிகளில் குடிநீர் வழங்கப்பட்டது. வீடுகளுக்கு நட்டஈடும் தீர்மானிக்கப்பட்டது. தோட்டக்காரருக்கு எழும் சங்கடம் வேறொன்று. சுவர் வெடிப்பைக் கண்ணாற் காட்டலாம். முன்பு கிணற்றில் எவ்வளவு நீர் இருந்தது என்பதை எவ்வாறு காட்டுவது?

முன்னர் நான் பணிசெய்த வேறொரு பிரிவில், கற்குழி ஒன்றின் அருகே தக்காளியும் போஞ்சியும் செய்த முதியவர் ஒருவர் இருந்தார். “ஐயா, உங்கள் கிணறு இறங்கியது வெடிவைத்ததாலா, மழையின்மையாலா?” என்று கேட்டேன். “தம்பி, நான் சொன்னால் யார் நம்புவார்? இந்தக் கொப்பி சொல்லும்” என்று அவர் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை நீட்டினார். ஆறு வருடங்களாக, மாதந்தோறும் முதலாம் நாள், நீர் இறைக்குமுன் காலையிலே, முடிச்சுக் கயிற்றால் அளந்து எழுதியிருந்தார். விசாரணைக்கு வந்த உத்தியோகத்தர் அக்கொப்பியை வாங்கிப் பார்த்தபின் வேறு கேள்வி கேட்கவில்லை. அயலவர் ஐவர் கொப்பியின்றி நின்றனர்.

திட்டம் பற்றிய செய்தி கேட்டவுடனேயே இக்கணக்கைத் தொடங்குங்கள். கிணற்று விளிம்பில் ஒரு கல்லுக்கு மை அடையாளமிட்டு, அதிலிருந்து நீர்மட்டம் வரை அளவுங்கள். இறைத்த பின் அளந்தால் பயனில்லை; இரவு முழுதும் ஊறிய நீரே உண்மையான மட்டம். அதே பக்கத்தில் அம்மாத மழையையும் குறித்தல் நன்று. ஓராண்டாவது தொடர்ந்திருந்தால் சிறுபோகத்தின் இயல்பான இறக்கமும் இயல்பற்ற இறக்கமும் பிரிந்து தெரியும். கிராம உத்தியோகத்தரிடம் ஆண்டுக்கொரு முறை கையொப்பம் பெற்றுவையுங்கள். சுவரில் வெடிப்பு உண்டாயின், அதன் குறுக்கே சீமெந்துச் சாந்தைப் பூசித் திகதியிடுக. சாந்தும் வெடித்தால் நிலம் இன்னும் அசைகின்றது என்பது பொருள்.

தீராத ஐயங்கள்

சுரங்கம் மூடப்பட்டபின் நிலத்தடி நீர் முன்னைய மட்டத்துக்கு ஏறுமா, ஏறினும் எத்தனை ஆண்டில் ஏறும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். ஒரே தோட்டத்தில் ஒரு கிணறு ஊறி மற்றது வற்றியே இருத்தலும் கூடும். வண்டலுடன் நமது தோட்டங்களின் உரமும் கிருமிநாசினியும் சுரங்கத்தின் வழியே தெற்குக் குளங்களைச் சேருமா என்பதும் கவனிக்க வேண்டிய விடயம். நட்டஈட்டைப் பொறுத்தவரை, வெடித்த சுவருக்கு விலை மதிப்பது எளிது. மூன்று சிறுபோகம் கைவிடப்பட்ட கிழங்குப் பாத்திக்கு என்ன விலை என்பதை எந்த அட்டவணையிலும் காணவில்லை.

1988 ஆம் ஆண்டு திருத்தப்பட்ட தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, மதிப்பீட்டு அறிக்கை பற்றிய அறிவித்தல் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வெளிவரும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் எவரும் எழுத்தில் கருத்துத் தெரிவிக்கலாம். திட்டம் மறுக்கப்பட்டால் திட்டக்காரர் அமைச்சின் செயலாளருக்கு மேன்முறையீடு செய்ய அச்சட்டம் இடந்தருகின்றது. அங்கீகரிக்கப்பட்டால் அயலவருக்கு அத்தகைய மேன்முறையீடு இல்லை; நீதிமன்றமே வழி. ஆகையால் அந்த முப்பது நாட்களிற் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கிணற்றுக் கொப்பியுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் உங்கள் கிணற்றின் ஆழம், அதை நம்பிச் செய்யும் பயிர், நிலத்தின் ஏக்கர் அளவு, சுரங்கப் பாதையிலிருந்து உள்ள தூரம் ஆகிய நான்கும் இருந்தாற் போதும்.