அந்த ஜூன் மாதம் எங்கே இருந்தீர்கள்?

கனடாவின் பி.ஆர். விண்ணப்பத்தில் வரும் IMM 5669 படிவம், கடந்த 10 ஆண்டுகளில் குடியிருந்த முகவரிகளையும் பார்த்த வேலைகளையும் மாத வாரியாகக் கேட்கிறது. நடுவில் ஒரு மாதம்கூட விடுபடக் கூடாது. 2019 மே கடைசியில் சென்னை வீட்டைக் காலி செய்து, ஜூலையில் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், ஜூன் முழுக்க அம்மா வீட்டில் இருந்திருப்பார். அந்த வீடும் ஒரு முகவரிதான். அந்த மாதம் வேலையில்லை என்பதையும் எழுதியாக வேண்டும்.

பயணத் தேதிகளுக்குப் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டுங்கள். முத்திரை இல்லையென்றால் மெயிலில் டிக்கெட்டைத் தேடுங்கள். முன்பு விசிட் விசாவுக்குக் கொடுத்த விவரங்களோடு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். முக்கியமான தகவலைத் தவறாகத் தந்ததாக அதிகாரி முடிவுசெய்தால், 5 ஆண்டுத் தடை விழும். பழைய விண்ணப்பத்தில் பிழை இருந்தால், மறைக்காமல் விளக்கக் கடிதம் இணைத்துவிடுங்கள்.