பழைய லேத்துக்கு இரண்டரை லட்சமா?

கோவைப் பட்டறை ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். புது லேத்தின் விலை 12 லட்சம் ரூபாய். பழையதைக் கொடுத்தால் இரண்டரை லட்சம் கழித்துக்கொள்வதாக டீலர் சொல்கிறார். முதலாளி 9.5 லட்சத்துக்குச் செக் கொடுக்கிறார், லேத் வந்து இறங்குகிறது. கணக்குப்பிள்ளை ‘புது மெஷின் 9.5 லட்சம்’ என்று எழுதிவிட்டுப் போகிறார். பழைய லேத்தோ ஏட்டை விட்டுப் போவதே இல்லை. பட்டறையில் இல்லாத மெஷினுக்கு ஆண்டுதோறும் தேய்மானம் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் வேலை, பழையதை முறையாக வழியனுப்புவது. அதை வாங்கிய விலை 8 லட்சம், ஆண்டுக்கு 80,000 தேய்மானம். போன மார்ச் வரை ஏழு ஆண்டுக்கு 5.6 லட்சம் கழிந்திருக்கிறது. கைமாறியது செப்டம்பர் கடைசியில் என்பதால் இந்த அரையாண்டுக்கும் 40,000 கழிக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். கழித்தால் ஏட்டு மதிப்பு சரியாக 2 லட்சம்.

அப்படியானால் லாபம் ஐம்பதாயிரமா? அவசரப்பட வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் ரொக்கத்துக்கு வாங்குபவருக்கு இதே டீலர் இதே லேத்தை 11.6 லட்சத்துக்குத் தருகிறார். பழைய மெஷின் தரகரைக் கேட்டால் நம் லேத் 2.1 லட்சம்தான் பெறும் என்கிறார். ஆக, டீலர் கூட்டிக் கொடுத்த 40,000 ரூபாய் பழையதன் மதிப்பே அல்ல. புதியதற்கான தள்ளுபடி, வேறு பெயரில் வந்திருக்கிறது. வியாபாரத்தில் இது பழைய சாமர்த்தியம்தான்.

எனவே புது லேத்தின் அடக்க விலை, கொடுத்த பணம் 9.5 லட்சத்தோடு பழையதன் உண்மை மதிப்பு 2.1 லட்சம் சேர்ந்து 11.6 லட்சம். பதிவில் புது மெஷினுக்கு 11.6 லட்சமும், சேர்ந்திருக்கும் தேய்மானம் 6 லட்சமும் பற்று. பழைய மெஷின் 8 லட்சம், வங்கி 9.5 லட்சம், லாபம் 10,000 ஆகியவை வரவு. இரு பக்கமும் 17.6 லட்சம். லேத்தை ஏற்றிவந்த லாரி வாடகை, பொருத்திய கூலி இருந்தால் அவையும் அடக்க விலையில் சேரும்.

12 லட்சம் என்றே எழுதியிருந்தால் இந்த ஆண்டு லாபம் 40,000 வீங்கும். அந்தத் தொகை பின்வரும் ஆண்டுகளில் கூடுதல் தேய்மானமாகத் திரும்பக் கழியும்.

இதுவரை ஜிஎஸ்டியை ஒதுக்கிவைத்தோம். அதன் விதி 27 ஒரு செல்போனை உதாரணம் காட்டுகிறது: பழைய போனைக் கொடுத்தால் புதியது 20,000 ரூபாய், கொடுக்காவிட்டால் 24,000 என்றால், வரி 24,000 மீதுதான். லேத்துக்கும் இதே கணக்கு. அதனால் டீலரிடம் எக்ஸ்சேஞ்சோடு ஒரு கொட்டேஷன், அது இல்லாமல் ஒரு கொட்டேஷன் என இரண்டையும் எழுத்தில் வாங்கி, பில்லோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.