நான்கு அடியில் ஒரு நீர்ச்சுழற்சி

இரண்டாம் வகுப்புக்கு நீர்ச்சுழற்சிப் பாட்டு எழுத உட்கார்ந்தால் முதலில் எதுகை தேடத் தோன்றும். ‘கடல்’ என்றதும் ‘உடல்’ வந்து நிற்கும். மழைக்கும் உடலுக்கும் என்ன சம்பந்தம்? சின்னப் பிள்ளைகளுக்கு அடியின் கடைசியில் ஒலிக்கும் இயைபே போதும்.

ஆனால் இயைபில் ஒரு சிக்கல் உண்டு. எல்லா அடியும் ‘ஆச்சு’ என்றே முடிந்தால் குழந்தை அடிகளை இடம் மாற்றிப் பாடும், மழைக்குப் பிறகு மேகம் வரும். அதற்கு நம்மிடம் பழைய மருந்து இருக்கிறது, அந்தாதி. ஓர் அடியில் உருவாவது அடுத்த அடியைத் தொடங்கட்டும்:

கடல்நீர் காய்ஞ்சு ஆவியாச்சு
ஆவி குளிர்ந்து மேகமாச்சு
மேகம் கனத்து மழையாச்சு
மழைநீர் ஓடிக் கடலாச்சு

கடைசிச் சொல் முதலடிக்கே திரும்புகிறது. ‘குளிர்ந்து’ என்பதை மட்டும் ஓசைக்காக மாற்றிவிடாதீர்கள். ஆவி நுண்துளியாவதற்குக் காரணமே அதுதான். நிலத்தடி நீர் இந்த நான்கடியில் இல்லை, அதைப் பேச்சில் சொல்லிக்கொள்ளலாம்.

மனதில் நின்றதா என்று பார்க்க, நடுவில் ‘மேகம் கனத்து’ என்று எடுத்துக்கொடுங்கள். முதலடிக்குப் போய்த் தொடங்கும் பிள்ளைக்கு மெட்டுதான் பிடிபட்டிருக்கிறது.