பண்ணைக் கோழி எல்லாவற்றுக்குமா சீக்கு? ஒரு கமா படுத்தும் பாடு!

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை நடத்தும் ஒருவர், முட்டை வாங்கும் வெளியூர் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘தி ஹென்ஸ், விச் வேர் சிக், வேர் செப்பரேட்டட்.’ சீக்கு வந்த கோழிகளை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டோம் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ஆனால், படிக்கிறவருக்குப் போய்ச் சேரும் சேதி வேறு. பண்ணையில் இருந்த கோழி அத்தனைக்கும் சீக்கு! அடுத்த லோடு வேண்டாம் என்று போன் வந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. அந்த இரண்டு கமாக்களையும் எடுத்துவிட்டால் போதும், கடிதம் சரியாகிவிடும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்த விவகாரம் தெரிந்திருக்கும். இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, ‘ஹூ’, ‘விச்’, ‘ஹூஸ்’ போட்டு ஒன்றாக இணைக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் இணைத்துவிடுகிறார்கள். கமாவில்தான் தடுமாற்றம். அதற்குக் காரணம் சோம்பல் அல்ல, நம் தமிழ்தான்.

‘நாமக்கல்லில் இருக்கும் என் தம்பி லாரி ஓட்டுகிறான்’ என்கிறோம். எனக்கு ஒரே தம்பியா, மூன்று தம்பிகளில் நாமக்கல்லில் இருப்பவனை மட்டும் சொல்கிறேனா? தமிழ் வாக்கியம் அதைக் காட்டிக்கொடுக்காது. கேட்பவர் பேச்சுப்போக்கில் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் அந்த வேலையைக் கமா செய்கிறது. ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் நாமக்கல்’ என்று கமா இல்லாமல் எழுதினால், வேறு ஊர்களிலும் சகோதரர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் நாமக்கல்,’ என்றால் ஒரே ஒருவர்தான். அவர் இருக்கும் ஊர் கூடுதல் தகவல். முதல் வகையை டிஃபைனிங் என்றும், இரண்டாவதை நான்-டிஃபைனிங் என்றும் புத்தகத்தில் சொல்வார்கள். பெயர் மறந்தாலும் குடி முழுகிவிடாது.

பிள்ளைக்கு ஒரே ஒரு கேள்வியைச் சொல்லிக் கொடுங்கள்: ‘எந்த?’

‘தி லாரி வாஸ் ஃபவுண்ட் இன் சங்ககிரி. இட் வாஸ் ஸ்டோலன்.’ இதில் முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். சங்ககிரியில் லாரி கிடைத்தது என்றால், ‘எந்த லாரி?’ என்று உடனே கேட்பார்கள். அதற்குப் பதில் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. அப்படியானால் கமா கூடாது: ‘தி லாரி விச் வாஸ் ஸ்டோலன் வாஸ் ஃபவுண்ட் இன் சங்ககிரி.’

இப்போது இது: ‘மேட்டூர் டேம் ஸ்டோர்ஸ் காவேரி வாட்டர். இட் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1934.’ எந்த மேட்டூர் அணை என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் கமா வேண்டும்: ‘மேட்டூர் டேம், விச் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1934, ஸ்டோர்ஸ் காவேரி வாட்டர்.’ ஊர்ப் பெயர், ஆள் பெயர், ‘மை மதர்’ மாதிரி ஒன்றே ஒன்றாக இருப்பவை எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

மார்க் போகும் இடம் இன்னொன்றும் உண்டு. முதல் கமாவைப் போட்டுவிட்டு, 1934-க்குப் பிறகு வரவேண்டிய கமாவை விட்டுவிடுவது. கதவைத் திறந்தவர் சாத்தவும் வேண்டுமே! கூடுதல் தகவல் வாக்கியத்தின் கடைசியில் வந்தால் மட்டும் முற்றுப்புள்ளியே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

‘மை பிரதர்’ போன்ற கேள்வி பயிற்சித்தாளில் வந்தால்? எத்தனை சகோதரர்கள் என்று கேள்வியில் இல்லாதபோது இரண்டு விடையும் சரிதான். ஏன் அப்படிப் போட்டாய் என்றால் பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி.

‘ஹூஸ்’ கதை தனி. ‘மகன் துபாயில் இருக்கும் அம்மா’ என்று தமிழில் சொல்கிறோம். அந்த அம்மாவுடைய மகன் என்பதற்கு இதில் ஒரு சொல்லும் கிடையாது. அந்தப் பழக்கத்தில் ‘ஹூ ஹர் சன்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘தி வுமன் கேம் ஹியர். ஹர் சன் ஒர்க்ஸ் இன் துபாய்’ என்று இருந்தால், ‘ஹர்’ மேல் கோடு போட்டு அடித்துவிட்டு அந்த இடத்தில் ‘ஹூஸ்’ எழுதச் சொல்லுங்கள். ‘ஹூஸ் சன்’ என்பது இனி பிரியாத ஜோடி. அந்த வாக்கியம் முழுவதையும் தூக்கி ‘வுமன்’ பக்கத்தில் வைத்தால், ‘தி வுமன் ஹூஸ் சன் ஒர்க்ஸ் இன் துபாய் கேம் ஹியர்.’ எந்த அம்மா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதால் கமா இல்லை. அதே இடத்தில் அந்த அம்மாவின் பெயர் இருந்தால், இரண்டு பக்கமும் கமா.

‘ஹூஸ்’ மனிதர்களுக்கு மட்டும் என்று நினைத்துத் தயங்க வேண்டாம். கூரை ஒழுகும் வீட்டையும் ‘தி ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்’ என்று தாராளமாக எழுதலாம்.