டீச்சருக்கு நாலு வரி

ஏப்ரல் வந்தால் யு.கே.ஜி. பிள்ளைகளின் வீடுகளில் வண்ணத்தாளும் பசையும் வெளியே வரும். டீச்சருக்கு வாழ்த்து அட்டை தயாராகும். படம் வரைவது பிள்ளையின் வேலை. உள்ளே நாலு வரி எழுதுவது பெற்றோர் தலையில் விழும். பெரும்பாலும் வருவது இதுதான்: அன்பைத் தந்தீர்கள், அறிவைத் தந்தீர்கள், பண்பைச் சொன்னீர்கள், பாதை காட்டினீர்கள்.

இதில் இரண்டு குறை. ஒன்று, எந்த டீச்சருக்கும் பொருந்தும். மற்றொன்று ஓசை. தமிழில் வினைச்சொல்லின் விகுதி ஒன்றாக இருந்தாலே வரிகளின் கடைசி ஒத்துப்போகும். முயற்சி இல்லாமல் கிடைக்கும் இயைபு என்பதால் காதுக்கு அதில் சுவையில்லை. நம் செய்யுள் அதிகம் நம்பியது எதுகையை, அதாவது வரிகளின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதை. அதற்கு முந்தைய எழுத்து எல்லா வரியிலும் குறிலாகவோ எல்லா வரியிலும் நெடிலாகவோ இருக்க வேண்டும். பட்டு, கட்டு சேரும். பாட்டு அவற்றோடு சேராது.

ஆகவே எதுகையைத் தேடும் முன், அந்த ஆண்டில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் அழுதபடி வகுப்புக்குப் போன பையன், இப்போது தன் பெயரைத் தானே எழுதுகிறான் என்று வையுங்கள். ‘அழுது’, ‘எழுதி’ இரண்டும் செய்தியிலேயே கிடைத்துவிட்டன. ‘ழு’ எதுகைக்கு இன்னும் இரண்டு சொல் போதும். ‘தொழுது’ உடனே வந்து நிற்கும், விடுங்கள், யு.கே.ஜி. டீச்சரைக் கும்பிட வைத்தால் அவருக்கே கூச்சமாக இருக்கும். ‘பழுது’, ‘முழுதும்’ இயல்பாகப் பொருந்துகின்றன. வரிக்கு நாலு சீர் என்று வைத்தால்:

அழுது கொண்டே ஜூனில் வந்தான்;
எழுதிக் காட்டினான் பெயரை இன்று;
பழுது சொல்லாப் பொறுமை டீச்சர்,
முழுதும் உங்கள் கைவண் ணந்தான்.

கடைசி வரியில் ‘கைவண்ணந்தான்’ சீருக்காகப் பிரிந்திருக்கிறது. அட்டையில் எழுதும்போது சேர்த்தே எழுதலாம், வாசிக்கையில் ஓசை தானாகப் பிரியும். ‘உங்களுடைய’ என்று நீட்டினால் மட்டும் அந்த வரி நொண்டும். எழுதி முடித்ததும் கைதட்டிக்கொண்டே வாய்விட்டுப் படியுங்கள். ஒரு சீருக்கு ஒரு தட்டு. எந்த இடத்தில் நாக்கு அவசரப்படுகிறதோ, அங்கே ஒரு அசை கூடுதலாக இருக்கும்.

பிள்ளையே சொல்வதுபோல் வேண்டுமென்றால் ‘வந்தேன்’, ‘காட்டினேன்’ என்று மாற்றுங்கள். பெண் குழந்தை என்றால் ‘வந்தாள்’, ‘காட்டினாள்’. இரண்டிலும் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இருந்த இயைபு போய்விடும்; எதுகை அப்படியே நிற்கும்.