ஆம்பூர் நடுகல்லின் ஆண்டு எது?

உள்ளூர் வரலாற்றுக் கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய மாணவர்கள் பலர் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறார்கள். ஆம்பூர் நடுகல் 895-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறது ஒரு புத்தகம். இன்னொன்று பத்துப் பதினைந்து ஆண்டு முன்னே கொண்டுபோகிறது. எதை எழுதுவது?

கல்லில் இரண்டுமே இல்லை. நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டில் நுளம்பன் படை ஆமையூரில் ஆநிரை கவர வந்தது, பிருதிகங்கரையரின் வீரன் அதை எதிர்த்துப் போரிட்டு இறந்தான் என்பதுதான் செய்தி. ஆமையூர்தான் இன்றைய ஆம்பூர். நிருபதுங்கன் எப்போது அரியணை ஏறினான் என்பதைக் கல் சொல்லாது.

அதற்குச் சுற்றுவழி ஒன்று உண்டு, பிருதிகங்கரையர் யார் என்று தேடுவது. வாணியம்பாடிப் பக்கத்து உதயேந்திரத்தில் கிடைத்த செப்பேடு, கங்க மன்னன் முதலாம் பிருதிவிபதி திருப்புறம்பியம் போரில் இறந்ததைச் சொல்கிறது. அதை வெளியிட்டவன் அவன் பேரன் இரண்டாம் பிருதிவிபதி. காலம் முதலாம் பராந்தக சோழனின் 15-ஆம் ஆண்டு.

பராந்தகனுக்கு மட்டும் நல்ல பிடி இருக்கிறது. திருக்கோவலூர்ப் பக்கத்துக் கிராமம் என்ற ஊரின் கல்வெட்டு, அவனது 36-ஆம் ஆண்டோடு கலியுகத்தின் 14,77,037-ஆவது நாள் என்றும், சனிக்கிழமை என்றும் குறிக்கிறது. கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிவந்தால் கி.பி. 943 ஜனவரி 14 கிடைக்கிறது, அன்று சனிக்கிழமையேதான். எண்ணைப் படித்ததில் ஓர் இலக்கம் பிசகியிருந்தால் கிழமை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கல் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்குப் பெரிய வியப்பு. அதிலிருந்து பின்னோக்கிக் கழித்தால் பராந்தகன் ஆட்சி 907-ல் தொடங்குகிறது. உதயேந்திரம் செப்பேடு 921-22-க்கு வருகிறது. அதை வெளியிட்டவனின் தாத்தா ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்காரர்.

சிக்கல் இங்கேதான். பாடநூல்கள் திருப்புறம்பியம் போரை 880-ஐ ஒட்டி வைக்கின்றன. நிருபதுங்கன் 869-ல் அரியணை ஏறியிருந்தால் அவனது 26-ஆம் ஆண்டு 894-95 ஆகிறது. நடுகல்லின் பிருதிகங்கரையர் முதலாம் பிருதிவிபதிதான் என்றால், போரில் இறந்த அவர் அப்போது ஆம்பூர் வீரனின் தலைவராக இருந்திருக்க முடியாது. ஆகவே நிருபதுங்கனை முன்னே தள்ள வேண்டும், அல்லது போரைப் பின்னே தள்ள வேண்டும், இல்லையேல் நடுகல்லின் பிருதிகங்கரையர் பேரன்தான் என்று கொள்ள வேண்டும். மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. இதை மறைத்து ஒற்றை ஆண்டை அச்சிடும் சுற்றுலாக் கையேடுகளை நான் நம்புவதில்லை. மாணவர்கள் ‘ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி, நிருபதுங்கன் 26-ஆம் ஆண்டு’ என்று எழுதலாம்.

சக ஆண்டு தரும் கல்வெட்டே இல்லையா? உண்டு, வேலூர் அருகே சோழபுரத்தில் சக ஆண்டு 871, பராந்தகனின் மகன் இராசாதித்தன் கொல்லப்பட்ட ஆண்டாகக் குறிக்கப்பட்டுள்ளது.

நாணயம் உதவாதா? புதையுண்ட அடுக்கு அந்த நாணயத்தைவிடப் பழையதல்ல என்பதை மட்டும் சொல்லும்.

கீழடியின் கி.மு. 580? அது 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியின் அளவீடு, கி.மு. 800-க்கும் 400-க்கும் இடையில் கரிமக் கணக்கு மங்கலாகும் என்பதால் வீச்சையும் கேட்டு வாங்குங்கள்.